யாரும் கேட்காத வேலைகளுக்கு ஒரு கேட்கும் ஆள்: கிழமை வாக்கு முறை, முழுமையான வழிகாட்டி

பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் போடமாட்டார்கள். லோன் தவணை தவறினால் வீடு தேடி ஆள் வருவார்கள். இந்த மாதிரி வேலைகளை நாம் எப்படியோ செய்து முடித்துவிடுகிறோம். பாதியில் கிடக்கும் டிப்ளோமா அறிக்கை, "சொந்தமாக ஏதாவது தொடங்கணும்" என்று வைத்திருக்கும் யோசனை, இரண்டாம் முறை எழுத நினைத்திருக்கும் பரீட்சை ஆகியவற்றைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. அவற்றைக் கைவிட்டோம் என்று நாமும் சொல்வதில்லை. "அடுத்த கிழமை பார்ப்போம்" என்று ஒவ்வொரு கிழமையும் சொல்லிக்கொண்டு தீபாவளி வந்துவிடும், பொங்கலும் வந்துவிடும்.

இந்த வழிகாட்டி அந்த வகை வேலைக்கு மட்டுமே. முறை சின்னது. இரண்டு பேர் வேண்டும், இரண்டு பேருக்கும் சொந்தமாக ஒரு திட்டம் இருக்க வேண்டும். கிழமைக்கு ஒரு தடவை, குறித்த நேரத்தில், போன கிழமை கொடுத்த வாக்கை வாசித்து, செய்தோமா இல்லையா என்று சொல்லி, அடுத்த கிழமைக்கான வாக்கைக் கொடுக்க வேண்டும். கேட்க இவ்வளவு எளிதாக இருப்பதால்தான் பலர் ஆரம்பித்த நாலாம் கிழமையில் விட்டுவிடுகிறார்கள். வாக்கை எப்படி எழுதுவது, தவறினால் என்ன கேட்பது என்ற இரண்டு இடங்களில்தான் அது சரிகிறது. அதனால் அந்த இரண்டுக்கும் அதிக இடம் கொடுக்கிறேன்.

விளக்குவதற்கு ஒரு ஜோடியை எடுத்துக்கொள்கிறேன். ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் டீச்சர் ஒருவர். டிப்ளோமாவுக்கான ஆய்வறிக்கை அவருக்குப் பாக்கி. தரம் 3 பிள்ளைகள் ஏன் அடிக்கடி பாடசாலைக்கு வராமல் விடுகிறார்கள் என்பது தலைப்பு. மற்றவர் அதே பக்கத்தில் லயத்து இஸ்தோப்பில் தையல் மெஷின் போட்டிருக்கும் அக்கா. தையல் தொழிலை முறையாகப் பதிவு செய்து, அடுத்த வருடம் பாடசாலைச் சீருடை ஓடர் பிடிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆட்களை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

1. ஆளைத் தேர்ந்தெடுத்தல்

வீட்டுக்காரரையோ வீட்டுக்காரியையோ எடுக்க வேண்டாம். நீங்கள் செய்யாமல் விட்டால் அவருக்கும் நட்டம், செய்தால் வீட்டு வேலை அவர் தலையில் விழும். இரண்டு பக்கமும் அவருக்குச் சம்பந்தம் இருப்பதால் "செய்தாயா?" என்ற கேள்வி சண்டையாகத்தான் காதில் விழும். உங்களுக்கு மேலே வேலை பார்ப்பவரும் வேண்டாம், உங்களிடம் கடன் வாங்கியவரும் வேண்டாம். பரிதாபப்பட்டு எல்லாவற்றையும் மன்னித்துவிடும் உயிர்த்தோழியும் இதற்குச் சரிவர மாட்டார்.

அப்படியானால் யார் மிஞ்சுவார்? உங்கள் திட்டத்தால் லாபமோ நட்டமோ இல்லாத, தனக்கென்று நழுவிக்கொண்டிருக்கும் வேலை ஒன்று உள்ள ஆள். இரண்டு பேரும் ஒரே துறையில் இருக்கத் தேவையில்லை. வேறு வேறு துறையாக இருப்பதே நல்லது என்று எனக்குப் படுகிறது. டீச்சருக்கு வேறொரு டீச்சர் துணையாக இருந்தால் பேச்சு பத்து நிமிஷத்தில் அதிபரைப் பற்றிப் போய்விடும். தைக்கிற அக்காவுக்கு ஆய்வு முறை தெரியாது. அதனால் "எத்தனை பக்கம்?" என்று மட்டும்தான் கேட்பார். தேவையானதும் அதுதான்.

நம் ஊரில் இன்னொரு சங்கடம் உண்டு. டீச்சர் என்றால் மரியாதை, அவரைக் கேள்வி கேட்பது சரியில்லை என்று பலர் தயங்குவார்கள். அந்த அக்காவின் பிள்ளை அதே டீச்சரின் வகுப்பில் இருந்தால் இந்த ஜோடியே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். இங்கே பிள்ளை வேறு பாடசாலையில். மேலும் அக்கா வயதில் மூத்தவர். அவர் "டீச்சர், நீங்க" என்கிறார், இவர் "அக்கா, நீங்க" என்கிறார். மரியாதை இரண்டு பக்கமும் போகிறது, கேள்வியும் இரண்டு பக்கமும் போக முடிகிறது.

பேசியது வெளியே போகக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். லயத்தில் காலையில் சொன்னது மத்தியானம் பீலிக்கரையில் நிற்கும். மானப் பிரச்சினை மட்டுமல்ல, வேறு காரணமும் இருக்கிறது. 2009இல் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் சகாக்களும் வெளியிட்ட சோதனைகளில், "நான் இப்படிப்பட்ட ஆளாக வரப்போகிறேன்" என்ற வகையான எண்ணத்தை மற்றவர்கள் அறிந்துகொண்ட மாணவர்கள், யாரும் அறியாத மாணவர்களைவிட அதற்காகக் குறைவாகவே உழைத்தார்கள். "கடை போடப்போறேன்" என்று ஊருக்கே சொல்லி நாலு பேர் "நல்லது" என்று சொன்னதும், பாதிக் கடை போட்ட திருப்தி வந்துவிடுகிறது. துணையிடம் சொல்வது அப்படி அல்ல. அங்கே சொல்வது யாராக ஆகப்போகிறோம் என்பதை அல்ல, வியாழக்கிழமை என்ன செய்வோம் என்பதை.

2. நாளும் நேரமும்

ஞாயிறு பின்னேரம் பெரும்பாலும் பொருந்தும். காலையில் டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்திருப்பீர்கள், திங்கள் வேலைக்கு இன்னும் ஓரிரவு இருக்கும். டீச்சரும் அக்காவும் ஞாயிறு ஆறரை மணியை எடுத்தார்கள். இருபது நிமிஷம், அவ்வளவுதான். நேரில் சந்திக்க முடிந்தால் நேரில், இல்லாவிட்டால் போனில் பேசுங்கள். வட்ஸ்அப்பில் எழுத்தாக மட்டும் நடத்த வேண்டாம். எழுத்தில் "கொஞ்சம் பிசி" என்று அனுப்பிவிட்டு ஒளிந்துகொள்ளலாம், குரலில் அது கஷ்டம்.

சிக்னல் கிடைக்கும் இடத்தையும் முதலிலேயே குறித்துவையுங்கள். காம்பராவுக்குள் கிடைக்காமல் கோயில் மேட்டுக்கு ஏறினால்தான் கிடைக்கும் என்றால், மழை நாளில் யாரும் ஏறப்போவதில்லை. கரண்ட் போனாலோ லைன் கிடைக்காவிட்டாலோ திங்கள் காலை ஆறு மணிக்குப் பேசுவது என்று மாற்று நேரம் ஒன்றை இப்போதே முடிவு செய்யுங்கள். "பிறகு ஒரு நாள்" என்று விட்டால் அந்தக் கிழமை போய்விட்டது.

எத்தனை கிழமைக்கு என்பதும் முக்கியம். முடிவு இல்லாமல் ஆரம்பித்தால் யார் முதலில் விடுவது என்ற கூச்சத்தில் இழுபடும். எட்டு ஞாயிறு என்று வையுங்கள். எண்ணும்போதே நாட்காட்டியைப் பாருங்கள். தீபாவளி, பொங்கல், தோட்டத்துக் கோயில் திருவிழா வரும் கிழமைகளில் வாக்கு எதுவும் கொடுக்காதீர்கள், ஆனால் சந்திப்பை மட்டும் விடாதீர்கள். அந்த ஞாயிறு ஐந்து நிமிஷம் பேசி, அடுத்த கிழமைக்கு வாக்கு எழுதினால் போதும்.

3. வாக்கை எழுதுதல்

இருவருக்கும் தனித்தனி கொப்பி. தன் வாக்கையும் மற்றவர் வாக்கையும் இருவருமே எழுத வேண்டும். இது வீண் வேலை போலத் தெரியலாம். ஆனால் என் வாக்கு உங்கள் கையெழுத்தில் உங்கள் கொப்பியில் கிடந்தால், "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று எனக்கு நானே மாற்றிச் சொல்ல முடியாது. மனசு இந்த மாற்றத்தைப் பொய் என்று தெரியாமலே செய்யும். புதன்கிழமைக்குள் "இரண்டு பக்கம்" என்பது "முடிந்தால் இரண்டு பக்கம்" ஆகிவிடும்.

டீச்சர் முதல் ஞாயிறு சொன்னது: "இந்தக் கிழமை இரண்டாம் அத்தியாயத்தைப் பார்க்கிறேன்." அக்கா சொன்னது: "பதிவு விஷயத்தைப் பார்க்கிறேன்." இந்தப் "பார்க்கிறேன்" என்ற சொல்லை கொப்பிக்குள் விடாதீர்கள். கிழமை முடிவில் பார்த்தோமா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு வாக்கில் நாலு விஷயம் இருக்க வேண்டும்: எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், முடிந்ததும் கையில் காட்ட என்ன இருக்கும். அப்படித் திருப்பி எழுதியது இது:

> டீச்சர்: புதன், வியாழன் இரவு 8.30 முதல் 9.30 வரை, குசினி மேசையில், இரண்டாம் அத்தியாயம் கையால் இரண்டு பக்கம். காட்டுவது: பக்கங்களின் படம்.
>
> அக்கா: செவ்வாய் காலை 8.30க்குப் பிரதேச செயலகம். வியாபாரப் பெயர்ப் பதிவுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டு, படிவம் வாங்குவேன். காட்டுவது: படிவம்.

அக்காவின் வாக்கில் ஒன்றைக் கவனியுங்கள். "பதிவு எடுப்பேன்" என்று அவர் எழுதவில்லை. பதிவு கிடைப்பது ஆபீசில் இருப்பவர் கையில். போவதும் கேட்பதும் படிவம் வாங்குவதும் அக்காவின் கையில். பிறர் செய்ய வேண்டியதை வாக்காகக் கொடுத்தால், தவறும்போது குற்றம் எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. "ஐயா இல்லை, லீவு" என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கும். கிராம உத்தியோகத்தர் எந்த நாளில் ஆபீசில் இருப்பார் என்பதைக்கூட முன்கூட்டிப் போன் போட்டுக் கேட்பது ஒரு தனி வாக்காக இருக்கலாம். பதினைந்து நிமிஷ வேலைதான், ஆனால் அது இல்லாமல் அரை நாள் பஸ்ஸில் போகும்.

எத்தனை வாக்கு கொடுக்கலாம்? ஒன்று அல்லது இரண்டு. மூன்று என்றால் எனக்குச் சந்தேகம். முதல் ஞாயிறு எல்லோருக்கும் உற்சாகம் இருக்கும், பட்டியல் நீளும். 1994இல் உளவியலாளர் ரோஜர் பியூலரும் கூட்டாளிகளும் பட்டப்படிப்பின் இறுதி ஆய்வை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சுமார் 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்குச் சுமார் 49 நாள் என்றார்கள். உண்மையில் எடுத்தது சுமார் 55 நாள். மிக மோசமாக நினைத்துப் பார்த்ததும் பற்றவில்லை. அதனால் முதல் மூன்று கிழமைக்கு நான் சொல்லும் விதி: வாயில் வந்ததைப் பாதியாக்கி எழுதுங்கள். நாலு பக்கம் என்று வந்தால் இரண்டு. நேரம் மிஞ்சினால் கூடுதலாக எழுதுவதை யாரும் தடுக்கப்போவதில்லை.

கடைசியாக ஒவ்வொரு வாக்குக்கும் பக்கத்தில் ஒரு "நடந்தால்" வரி. இதுவும் கோல்விட்சர் நெடுநாள் ஆராய்ந்த விஷயம்தான். இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே முடித்துவைத்தால், அந்த நேரம் வரும்போது யோசிக்கத் தேவையில்லாமல் கை போகும். மலைநாட்டில் இந்த வரிக்கு விஷயம் பஞ்சமில்லை. ஒக்டோபர், நவம்பரில் மத்தியானத்துக்குப் பிறகு இடி மழை வந்துவிடும், ஆகவே வெளியே போகும் வேலையைக் காலையிலேயே வையுங்கள். "காலை மழை பெய்தால் எட்டரை பஸ்ஸுக்குப் பதில் பத்து மணி பஸ்" என்று எழுதுங்கள். "கரண்ட் போனால் மெழுகுதிரியில் கையெழுத்தாகத் தொடர்வேன்." "மாமியார் வந்தால் வியாழனுக்குப் பதில் வெள்ளி." ஒரு வரி போதும், எல்லா ஆபத்துக்கும் எழுத முனைந்தால் அதுவே ஒரு வேலையாகிவிடும்.

4. நடுவில் ஒரு வரி

புதன் இரவு ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள். "நடக்குது", "தொடங்கல்ல" இரண்டில் ஒன்று. பதில் தேவையில்லை. தொடங்கவில்லை என்று புதனில் எழுதிய ஆளுக்கு இன்னும் மூன்று நாள் மிச்சம் இருக்கிறது. ஞாயிறு வரை பேசாமல் இருந்தவருக்கு மிச்சமிருப்பது சாக்கு மட்டும்தான்.

5. ஞாயிறு இருபது நிமிஷம்

சந்திப்பு கொப்பியில் இருந்து ஆரம்பிக்க வேண்டும், சுகம் விசாரிப்பதில் இருந்து அல்ல. சுகம் விசாரித்தால் சம்பள விஷயம், விலைவாசி, யார் வீட்டில் கல்யாணம் என்று போய், ஏழு மணிக்கு "சரி டீச்சர், வாக்கு விஷயம் அடுத்த கிழமை" என்று முடியும். முதலில் கொப்பி, பிறகு கதை. கதை எவ்வளவு நேரமும் போகட்டும்.

ஒருவர் மற்றவரின் வாக்கைச் சத்தமாக வாசிக்கிறார், எழுதியிருக்கும் சொல்லிலேயே. பதில் "முடிந்தது" அல்லது "முடியவில்லை". "ஓரளவு", "முக்கால்வாசி" கிடையாது. இரண்டு பக்கத்துக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தால் அது முடியவில்லை. இது கடுமை போலத் தெரியும். ஆனால் "முக்கால்வாசி" என்பதை ஒருமுறை ஏற்றுக்கொண்டால் அடுத்த கிழமை அரைவாசியையும் ஏற்க வேண்டிவரும், அதற்கு அடுத்த கிழமை எண்ணத்தையே ஏற்க வேண்டிவரும். பிறகு காட்ட வேண்டியதைக் காட்ட வேண்டும். படமோ படிவமோ அளவெடுத்த தாளோ, எதுவானாலும். நம்பிக்கை இல்லாததால் அல்ல. 2016இல் உளவியலாளர் பென்ஜமின் ஹார்கினும் சகாக்களும் 138 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, முன்னேற்றத்தைக் கவனித்துக்கொள்வது இலக்கை எட்ட உதவுவதாகவும், அதைப் பதிந்து வைத்தாலோ மற்றவருக்குத் தெரியப்படுத்தினாலோ பலன் கூடுவதாகவும் கண்டார்கள்.

முடியவில்லை என்றால் என்ன கேட்பது? பலர் "ஏன்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குக் காரணம்தான் வரும். காரணம் எப்போதும் நியாயமாகத்தான் இருக்கும்: பிள்ளைக்குக் காய்ச்சல், மழை, தலைவலி. அதைக் கேட்டபின் "பரவாயில்லை" என்பதைத் தவிர வேறென்ன சொல்ல முடியும்? அதற்குப் பதிலாக "எந்த நேரத்தில் விட்டுப்போனது?" என்று கேளுங்கள். அப்போது காரணம் வராது, சம்பவம் வரும். டீச்சரின் மூன்றாம் ஞாயிறு இப்படிப் போனது:

"ரெண்டு பக்கம் எழுதினீங்களா டீச்சர்?"

"இல்லக்கா. முடியல்ல."

"எந்த நேரத்துல விட்டுப்போச்சு?"

"புதன்கிழமை ஒக்காந்தேன்க்கா. கொப்பியத் தெறந்தேன். பெத்தவங்க நெரப்பிக் குடுத்த தாளுகளத் தேடப் போனேன். ஒவ்வொண்ணா வாசிச்சிட்டே இருந்துட்டேன், பத்து மணியாயிருச்சு."

"போன கிழமையும் அந்தத் தாளத்தானே தேடினீங்க."

டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிரச்சினை சோம்பலில் இல்லை, நேரத்திலும் இல்லை. முப்பது பெற்றோர் நிரப்பிக் கொடுத்த கேள்வித்தாள்கள் எண்ணப்படாமல் ஒரு பையில் கிடந்தன. எத்தனை பேர் என்ன சொன்னார்கள் என்று கணக்கிடாமல் அந்த அத்தியாயத்தை எழுதவே முடியாது. எழுதுவதற்கு முன் இருந்த ஒரு படியை அவர் வாக்கில் சேர்க்கவே இல்லை. அடுத்த கிழமை வாக்கு எழுதுவதைப் பற்றியதாக இருக்கவில்லை: "புதன் இரவு பத்துத் தாள், வியாழன் இரவு பத்துத் தாள், கோடு போட்ட தாளில் எண்ணிக்கை." இரண்டும் முடிந்தது. ஆய்வு பற்றி ஒன்றுமே தெரியாத அக்காவின் கேள்விதான் அதைக் கண்டுபிடித்தது. ஒரே வாக்கு ஒரே இடத்தில் இரண்டு தடவை நழுவினால், அதற்கு அடியில் எழுதாத ஒரு முன்வேலை இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

6. ஒரே வாக்கை இரண்டு தடவைக்கு மேல் எழுதக்கூடாது

முறையிலேயே முக்கியமான விதி இதுதான். முடியாத வாக்கை அடுத்த கிழமைக்கு ஒருமுறை அப்படியே எடுத்துப் போகலாம். அதுவும் முடியாவிட்டால், மூன்றாம் தடவை அதே சொல்லில் எழுதக்கூடாது. அதைச் சின்னதாக்க வேண்டும், அல்லது வேறு வழியில் மாற்ற வேண்டும், அல்லது கைவிடுகிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் துணை முடிவைச் சொல்லக்கூடாது, ஆனால் மூன்றில் ஒன்றைச் சொல்லாமல் கொப்பியை மூடவும் விடக்கூடாது. சீட்டுப் பிடிக்கும் அக்காமார் மாதத் தேதி வந்ததும் பேரை வாசிக்காமல் விடுவதில்லை, அதே மாதிரி.

அக்காவுக்கு இது வந்தது. படிவம் வாங்கிவிட்டார். ஆனால் தொழில் நடக்கும் இடத்துக்கான அத்தாட்சி கேட்டார்கள். லயம் தோட்டத்துக்குச் சொந்தம், அவர் பேரில் உறுதி எதுவும் இல்லை. தோட்ட ஆபீசில் ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். "செவ்வாய் காலை 8 மணிக்குத் தோட்ட ஆபீசில் கடிதம் கேட்பேன்" என்று எழுதினார். போகவில்லை. மறுபடியும் எழுதினார், மறுபடியும் போகவில்லை. எந்த நேரத்தில் விட்டுப்போனது என்று கேட்டபோது சொன்னார்: ஆபீஸ் வாசல் வரை போனார், உள்ளே என்ன சொல்லிக் கேட்பது என்று தெரியாமல் திரும்பிவிட்டார்.

இந்த இடத்தில் டீச்சர் "நானே போய்க் கேட்டுத் தாறேன்க்கா" என்று சொல்லியிருப்பார். நல்ல மனசுதான், ஆனால் அப்படிச் செய்தால் அந்த ஞாயிறிலிருந்து அவர் துணை இல்லை, உதவியாள். அடுத்த தடவை கேள்வி கேட்கும் உரிமை போய்விடும். அவர்கள் செய்தது வேறு. அக்கா மனு ஒன்று எழுதித் தரச் சொல்லி வாயால் கேட்டார். டீச்சர் அதைத் தன் வாக்காகத் தன் கொப்பியில் எழுதினார்: "திங்கள் இரவு, அரைப் பக்க மனு." கொண்டு போய்க் கொடுப்பது அக்காவின் வாக்கு. வாக்கும் சின்னதாக்கப்பட்டது: கடிதம் கேட்பது என்பது போய், மனுவை மேசையில் கொடுத்துவிட்டு வருவது மட்டும். செவ்வாய் கொடுத்துவிட்டார்.

பதில் வர நாளாகும் போலத் தெரிந்தது. ஆறாம் ஞாயிறு அக்கா பதிவை இந்த எட்டுக் கிழமையில் இருந்து எடுத்துவிட்டார். கொப்பியில் எழுதியது: "பதிவு, ஜனவரி கடைசி ஞாயிறு மறுபடி எடுப்பேன்." மிச்சக் கிழமைகளுக்கு அவர் எடுத்த வாக்கு நாலு பிள்ளைகளுக்கு அளவெடுத்து, மாதிரிச் சீருடை ஒன்று தைப்பது. இதைத் தோல்வி என்று பதிய வேண்டாம். தேதியோடு சத்தமாக ஒத்திவைத்ததும், சொல்லாமலே நழுவவிட்டதும் வேறு வேறு. முதலாவதில் மனசில் பாரம் இல்லை, ஜனவரியில் எங்கிருந்து தொடங்குவது என்றும் தெரியும்.

7. கெட்டுப்போகும் அடையாளங்கள்

முதலாவது, இருவருமே ஒரே ஞாயிறு "முடியவில்லை" என்று சொல்லிச் சிரிப்பது. ஒருமுறை நடக்கலாம். இரண்டாம் தடவை நடந்தால் நீங்கள் ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கொடுக்கும் கூட்டணியாகிவிட்டீர்கள். அன்றைக்கு அடுத்த கிழமை வாக்கை ஒன்றாகக் குறைத்து, அரை மணியில் முடியும் அளவுக்குச் சின்னதாக்கி, திங்களன்றே செய்யும் நாளாக வையுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஐந்து கிழமை தொடர்ந்து எல்லாமே "முடிந்தது" என்றால் சந்தோஷப்படுமுன் கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டுங்கள். தவறாமல் இருப்பதற்காகவே வாக்கு சின்னதாகிக்கொண்டு போயிருக்கலாம். "மேற்பார்வையாளருக்குப் போன் எடுப்பேன்" என்பது மூன்று கிழமையாக இருக்கிறதா? எட்டுக்கு ஒன்றோ இரண்டோ தவறுவதுதான் சரியான அளவு என்பது என் அபிப்பிராயம்.

தவறினால் ஐந்நூறு ரூபா என்று அபராதம் வைக்கலாமா என்று கேட்பார்கள். நான் வைக்கச் சொல்வதில்லை. கையில் காசு இருக்கிறவருக்கு அது மன்னிப்பை விலைக்கு வாங்கும் வழி. காசு இல்லாதவர் தவறிய கிழமையில் போனையே எடுக்கமாட்டார். நமக்கு வேண்டியது தவறிய கிழமையிலும் அவர் போனை எடுப்பதுதான்.

போன் எடுக்காமல் விடுவது கடைசி அடையாளம், அதுவே மிகத் தெளிவானது. ஒரு ஞாயிறு பதிலில்லை என்றால் திங்கள் காலை மாற்று நேரத்தில் எடுங்கள். அதற்கும் பதிலில்லை என்றால் குற்றம் சாட்டாமல் ஒரே வரி: "வாக்கு வேண்டாம், கொப்பியை மட்டும் வாசிப்போம்." பெரும்பாலும் ஆள் வெட்கத்தில் ஒளிந்திருப்பார், வேலைப்பளுவில் அல்ல. உண்மையாகவே வீட்டில் சாவு, சுகயீனம், வேலை போனது போன்ற பெரிய விஷயம் என்றால் எட்டுக் கிழமைக் கணக்கை அங்கேயே நிறுத்துங்கள். இந்த முறை அதற்கானதல்ல.

8. எட்டாம் ஞாயிறு

கொப்பியை முதல் பக்கத்திலிருந்து இருவரும் வாசியுங்கள். எத்தனை முடிந்தது என்று கூட்டிப் பார்ப்பதைவிட, நழுவிய இடங்களை ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதுவதில் பயன் அதிகம். டீச்சரின் பக்கத்தில் வெள்ளி இரவு மூன்று தடவை வந்திருந்தது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் வந்தபின் அவர் எழுதியதே இல்லை. இனி அந்த இரவில் வாக்கு வைப்பதில்லை என்று முடிவு செய்தார். அக்காவின் பக்கத்தில், ஆபீஸ் என்ற சொல் வந்த ஒவ்வொரு வாக்கும் ஒருமுறையாவது நழுவியிருந்தது, தையல் வாக்கு ஒன்றும் நழுவவில்லை. ஆபீஸ் வேலைகளுக்கு முதல் நாளே சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு போவது என்பது அவருடைய அடுத்த சுற்றுக்கான நிரந்தர "நடந்தால்" வரியானது.

பிறகு தொடர்வதா நிறுத்துவதா என்று இருவரும் தனித்தனியாக ஒரு துண்டுத் தாளில் எழுதி, ஒரே நேரத்தில் காட்டுங்கள். ஒருவர் முதலில் சொன்னால் மற்றவர் மரியாதைக்காக ஒத்துப்போவார். ஒருவர் நிறுத்தம் என்றாலும் நிறுத்தம்தான். கொழும்புக்கு வேலைக்குப் போகிறவரோ வெளிநாட்டுக்குப் போகிறவரோ போனில் தொடரலாம். ஆனால் நேர வித்தியாசமும் வேலை நேரமும் மாறும் முதல் மாதத்தில் ஞாயிறு நேரத்தை மறுபடி பேசி வையுங்கள். புது ஆளோடு தொடங்கினால், நழுவிய இடங்களின் அந்தப் பக்கத்தை முதல் சந்திப்பிலேயே அவரிடம் காட்டுங்கள்.